தொண்டைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

நூலக்காவுக்கு வாய் நாறுகிறது என்பது அந்த அழகு நிலையத்தில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடி துடைக்க வரும் பெண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை புருவம் திருத்த வரும் பள்ளிக்கூட டீச்சருக்குத் தெரியும். கடையின் முதலாளியான அவளுடைய நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு நாகரிகம் வந்துவிடுமோ தெரியாது. பின்னால் போய் வாய் கிழியப் பேசுவார்கள், முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு நூலக்கா என்று பெயர் வந்ததே புருவத்தில் நூல் போடும் வேலையால்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபாதியை இரண்டு கை விரல்களிலும் சுற்றிக்கொண்டு, படுத்திருப்பவளின் முகத்துக்கு ஒரு சாண் மேலே குனிந்து நிற்க வேண்டும். மூச்சு விட்டால் நேராக எதிராளியின் மூக்கில்தான் போய் இறங்கும். அந்த ஊரில் அவளைப்போல் வலிக்காமல் நூல் போட ஆள் கிடையாது. கை அப்படி. இருந்தும் ஒரு வருடமாக ஒவ்வொருத்தியாகப் பக்கத்து நாற்காலிக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். சிலர் அவள் குனிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வலிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, "ரிலாக்ஸா இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று இன்னும் கிட்டே குனிந்து சமாதானம் சொல்வாள், பாவி.

கடைசியில் நாத்தனார்தான் போட்டு உடைத்தாள். கடையில் ஆள் இல்லாத ஒரு மதியம், துண்டு மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாய் நாறுது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். ரொம்ப நாளா. இன்னைக்கு ஒரு பொண்ணு போன்ல கேக்குறா, அந்த அக்கா இல்லாத நேரம் எதுன்னு. நான் என்ன பதில் சொல்ல? இதை என்னன்னு பாருங்க. இல்லைன்னா முகம் பக்கம் வேண்டாம், பின்னாடி தலை அலசுற இடத்துல நில்லுங்க. எனக்குக் கடை நடக்கணும்."

நூலக்காவுக்கு நிற்கிற இடத்திலேயே பூமி பிளந்துவிடாதா என்றிருந்தது. காலையிலும் இரவிலும் பல் தேய்க்கிறவள். மூன்று வகை மவுத்வாஷ் வாங்கி வைத்திருப்பவள். கைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய். இதைவிட என்னதான் செய்ய முடியும்? அன்று வீட்டுக்குப் போனதும் பதினாறு வயது மகளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். அந்த வாயாடி முதல் முறையாக வார்த்தையைத் தேடினாள்.

"கொஞ்சம்தான் ம்மா. கிட்ட வந்தாத்தான்."

"ஏண்டி சொல்லல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

மறுநாளே பல் டாக்டரிடம் போனாள். நாலு சொத்தையாவது இருக்கும், பிடுங்கித் தொலைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் போனாள். அந்த டாக்டர் நிதானமான ஆசாமி. பல்லையும் ஈறையும் பார்த்துவிட்டு, இரண்டும் சுத்தம் என்றார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, பின்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டினார். கடைசியில் ஒரு தட்டையான குச்சியால் நாக்கை அழுத்தி, விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தவர், "ஓ, இங்க இருக்கா ஆளு" என்றார்.

தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கும் டான்சில் வழவழப்பான உருண்டை இல்லை, அதில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும் என்று அவர் சொன்னார். சாப்பிட்ட துணுக்கு, உதிர்ந்த தோல், சளி, எல்லாம் அந்தக் குழியில் போய்த் தங்கும். அதைத் தின்று கிருமிகள் பெருகும். நாளாக ஆக அது இறுகி, சுண்ணாம்பு ஏறி, அரிசி நொய் மாதிரி ஒரு கல் ஆகிவிடும். அந்தக் கிருமிகள் விடும் கந்தக வாடைதான் இந்த நாற்றம்.

"நான் இவ்வளவு பல் தேய்க்கிறேனே டாக்டர்?"

"பல்லைத்தானே தேய்க்கிறீங்க. கல் அங்க இல்லையே. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

குடிப்பதே இல்லை. நாத்தனார் கடையில் அடிக்கடி கழிவறைக்குப் போனால் முணுமுணுப்பாள் என்று தாகத்தை அடக்கிக்கொள்வாள். நாள் முழுக்க ஏசி, நூலைக் கடித்துக்கொண்டு வாய் வழியாக மூச்சு. டாக்டர் அவள் கைப்பையிலிருந்த மவுத்வாஷை வாங்கி லேபிளைப் படித்தார். ஆல்கஹால் கலந்தது, வாயை இன்னும் காய வைக்கும், காய்ந்த வாயில்தான் நாற்றம் கூடும், இதைத் தூக்கிப் போடுங்கள் என்றார்.

"வேற என்ன மருந்து?"

"மருந்து இல்ல. தண்ணி குடிங்க. நாக்கோட பின்பக்கத்தை மெதுவா வழிங்க. சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில தொண்டை வரைக்கும் போற மாதிரி நல்லா கொப்பளிங்க. கல் தானா இளகி விழும். ஆபத்தில்லாத சமாச்சாரம், அருவருப்புதான். ஆனா ஒண்ணு. விரல், குச்சி, ஊசி எதையும் உள்ள விடாதீங்க. அந்த இடம் மெத்து மெத்துன்னு இருக்கும், ரத்தம் ஜாஸ்தி. கொஞ்சம் தள்ளி பெரிய ரத்தக் குழாய் போகுது. திரும்பத் திரும்ப வந்து தொல்லை பண்ணினா, இல்ல ஒரு பக்கம் மட்டும் பெருசா வீங்கினா, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க."

இவ்வளவுதானா என்று அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காசு கொடுத்துப் போன இடத்தில் உப்புத் தண்ணீர் என்றால் யாருக்குத்தான் மரியாதை வரும்? ஆனாலும் செய்தாள். நாற்காலி போய்விடுமே என்ற பயம் அவளைச் செய்ய வைத்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டாள். வேளை தவறாமல் கொப்பளித்தாள், அண்ணாந்து, கண்ணில் நீர் வரும்வரை. சில வாரங்களில் வாடை குறைய ஆரம்பித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் தன் வாய் வாடை தனக்குத் தெரியாதே.

அப்புறம் ஒரு நாள் காலையில் குளியலறைக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தபோது அது தெரிந்தது. இடது பக்க டான்சிலில், குழியை விட்டுப் பாதி வெளியே தலையை நீட்டிக்கொண்டு, மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொட்டு.

இங்கேதான் அவள் தொழில் அவளைக் கெடுத்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் இன்னொரு வாய் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்திருப்பார்கள், அது விழுந்திருக்கும். நூலக்கா வருடக்கணக்காக மற்றவர்கள் மூக்கிலிருந்து கரும்புள்ளி எடுத்தவள். குழிக்குள் ஒரு புள்ளியைக் கண்டால் அவள் விரல் சும்மா இருக்காது. அதற்கென்று ஒரு கம்பி உண்டு. ஒரு முனையில் சின்ன வளையம், மறுமுனையில் ஊசி. வளையத்தைப் புள்ளியைச் சுற்றி வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வரும். வராத பிடிவாதக்காரப் புள்ளிக்கு ஊசி. அவள் கைப்பையில் கிடந்த கடைக் கம்பியை ஸ்பிரிட்டில் துடைத்து, வளையத்தால் லேசாக அழுத்தினாள். கல் டப்பென்று நாக்கில் விழுந்தது. விரலில் எடுத்து நசுக்கி மோந்து பார்த்தாள். அழுகிய முட்டை வாடை. ஆனால் மனசுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லி மாளாது.

அந்த வாரம் பள்ளிக்கூட டீச்சர் மூச்சைப் பிடிக்காமல் படுத்திருந்தார். நாத்தனார் துண்டு மடித்தபடி, "இப்ப பரவாயில்ல அண்ணி" என்றாள். தண்ணீரும் உப்பும் நாக்கு வழிப்பானும் பொறுமையாக வாரக்கணக்கில் செய்த வேலைக்கு அந்தக் கம்பி வந்து பேர் வாங்கிக்கொண்டது. டாக்டருக்கு என்ன தெரியும், கை வேலை தெரிந்தவளுக்குத் தெரியும் என்று அவளுக்குள் ஒரு இறுமாப்பு வந்து உட்கார்ந்தது. அது இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

இறக்கி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"அம்மா, எனக்குத் தொண்டை என்னமோ பண்ணுது. முழுங்கினா வலிக்குது. உனக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு, வெள்ளையா இருக்கு பாரேன்" என்று வாயாடி வந்து ஜன்னலோரம் வாயைத் திறந்து காட்டினாள். நூலக்கா போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் டான்சில் பெருத்து, இரத்தச் சிவப்பாக இருந்தது. வலது பக்கத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். அவள் கண் புள்ளியைப் பார்த்தது. சிவப்பைப் பார்க்கவில்லை. மகளின் கழுத்து கையில் சுட்டது. வெயிலில் போய் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி. கல்லுதான். ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"வலிக்குமா?"

"நான் நூல் போட்டா யாருக்காவது வலிச்சிருக்கா?"

வளையத்தை வைத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. புள்ளி கல் மாதிரி நிற்காமல் கம்பியில் பூசிக்கொண்டு வந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கல் இப்படியா இழையும் என்று ஒரு கணம் யோசித்தும் பார்த்தாள். பிறகு கம்பியைத் திருப்பி, ஊசி முனையை உள்ளே கொண்டுபோனாள். முனை பட்டதும் மகளுக்குக் குமட்டியது. தலை முன்னால் வெட்டியது. ஊசி எவ்வளவு தூரம் போனது என்று அவளுக்கே தெரியவில்லை, கை உணர்ந்தது மட்டும்தான். கை உணர்ந்தது நிறைய தூரம்.

வாயாடி அலறிக்கொண்டு வாயைப் பொத்தினாள். துப்பியதில் சிவப்பாகக் கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நூலக்கா அவளைக் கட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவினாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதே, என்ன? கடைக் கம்பியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்னு தெரிஞ்சா என்னைப் பின்னாடி தலை அலச அனுப்பிடுவா. அப்பாகிட்டயும் வேண்டாம்."

"சொல்லமாட்டேன் ம்மா" என்றாள் வாயாடி.

அன்று மாலையே காய்ச்சல் ஏறியது. நூலக்கா மாத்திரை கொடுத்தாள். இறங்கி, மறுபடி ஏறியது. புதன்கிழமை வாக்கில் வாயாடி வலது காதும் வலிக்கிறது என்றாள். பிறகு பேச்சே மாறிவிட்டது. வாய்க்குள் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது. கூரியர் வண்டி ஓட்டும் அப்பா, "என்னடி, இன்னைக்கு வீடு அமைதியா இருக்கு" என்று கேலி செய்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நூலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க முடியவில்லை, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடித்துக்கொண்டிருந்தாள். கிட்டே குனிந்தால் அந்த வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. கல்லின் வாடை இல்லை. இது வேறு, இனிப்பு கலந்த, அழுகலின் வாடை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போனால் கேட்பார்கள் என்றும் தெரியும். நாளைக்கு இறங்கிவிடும், நாளைக்கு இறங்கிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கடையில் காணோமே என்று பார்க்க வந்த நாத்தனார்தான் படுக்கையறை வாசலில் நின்று ஒரே பார்வை பார்த்தாள்.

"இது சாதாரணக் காய்ச்சலா? பார்த்தா அப்படியா தெரியுது? எழுந்திரிங்க. அண்ணனுக்குப் போன் போடுங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க."

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுப் பெண். மகளை நாற்காலியில் சாய்த்து, திறந்த அந்த ஒரு விரல் இடைவெளியில் விளக்கை அடித்துப் பார்த்தார். வலது பக்கம் பிதுங்கி, உள்நாக்கை இடது பக்கம் தள்ளியிருந்தது. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது என்றார். தொண்டை அழற்சி முற்றினால் சில பேருக்கு இப்படி ஆகும், இங்கேயே மரத்துப் போக வைத்து ஊசியால் சீழை இழுத்துவிட்டு, இரண்டு நாள் வார்டில் வைத்து ஆன்டிபயாடிக் ஏற்றினால் போதும் என்றார். அப்பா மூச்சு விட்டார். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

கையுறை மாட்டிக்கொண்டே டாக்டர் கேட்டார். "தொண்டையில எதாவது குத்துச்சா? முள்ளு, பிரஷ், பென்சில், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

நூலக்காவுக்கு இடது பக்கம் கணவன், வலது பக்கம் நாத்தனார்.

"இல்லையே" என்றாள்.

டாக்டர் நாற்காலியில் இருந்தவளைக் கேட்டார். "நீ சொல்லும்மா. எதாவது குத்துச்சா?"

வாயாடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஆட்டும்போது கழுத்து முழுதாகத் திரும்பவில்லை. பாதியிலேயே முகம் சுளித்து நின்றுவிட்டது. டாக்டர் காதுக்குக் கீழே கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்தில் பெண் துடித்தாள், பிறகு கண்ணை மூடிக் காய்ச்சல் மயக்கத்தில் சாய்ந்துவிட்டாள்.

"எதுவும் குத்தலைன்னு நிச்சயமா?" என்றார் மறுபடி, இந்த முறை நூலக்காவை மட்டும் பார்த்து. "ஏன் கேக்குறேன்னா, தானா வந்த சீழ்னா முன்னாடியே நிக்கும், இப்ப எடுத்துடலாம். எதாவது குத்தி உள்ள போயிருந்தா பின்னாடி கழுத்துக்குள்ள இறங்கியிருக்கும். அங்க பெரிய ரத்தக் குழாய் இருக்கு. ஸ்கேன் எடுக்காம நான் கை வைக்கக்கூடாது. குத்தினது தெரியாட்டா, முன்னாடி இருக்கறதை மட்டும் எடுத்துட்டு, சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருப்போம்."

தட்டில் ஊசி இருந்தது. மரத்துப்போகும் மருந்தை நர்ஸ் கையில் எடுத்துவிட்டாள். நூலக்காவுக்கு நாற்காலியும் தெரியவில்லை, கடையும் தெரியவில்லை. பொய் சொன்ன தன் மகளின் முகம்தான் தெரிந்தது.

"நான்தான் குத்தினேன்."

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள், கத்தியே சொன்னாள். "நான்தான் டாக்டர். கரும்புள்ளி எடுக்குற ஊசி. வெள்ளையா இருந்துச்சு, கல்லுன்னு நினைச்சேன். அவ தலையை ஆட்டினதுல உள்ள போயிடுச்சு. ஆழமா போயிடுச்சு."

"எந்தப் பக்கம்? எப்போ?"

"வலது. ஞாயித்துக்கிழமை."

"அப்ப காய்ச்சல் இருந்ததா?"

"உடம்பு சுட்டுச்சு."

"கல்லுக்குக் காய்ச்சல் வராதும்மா" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "அது சீழ்ப் புள்ளி. டான்சில் பழுத்திருக்கு, நீங்க அதுல குத்தியிருக்கீங்க." நர்ஸைத் திரும்பிப் பார்த்து ஸ்கேன் என்று மட்டும் சொன்னார்.

கணவர் சுவரோடு சாய்ந்து மெல்ல உட்கார்ந்துவிட்டார். நாத்தனார்தான் பேசினாள். "கம்பியையா? என் கடைக் கம்பியையா?" என்று இரண்டு தரம் கேட்டாள், அப்புறம் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்கேனில் சீழ் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக்கொண்டு, மூச்சுக் குழாயை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வார்டில் படுக்க வைத்திருந்தால் என்று நூலக்கா கேட்க ஆரம்பித்ததை டாக்டர் முடிக்க விடவில்லை. "சொல்லிட்டீங்கல்ல. இப்ப அதை விடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

பிழைத்துக்கொண்டாள். சில நாள் கழுத்தில் குழாயும் மூக்கில் குழாயுமாகக் கிடந்தாள். பேசக்கூடாது என்று உத்தரவு. நூலக்கா கட்டிலோரம் உட்கார்ந்தே இருந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மன்னிச்சுடுடி, இனிமேல் எதையும் மறைக்காதே, என்னிடமும் மறைக்காதே, எனக்காகவும் மறைக்காதே. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுத்த அன்று பெண் கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். அப்பா இல்லை, அத்தை இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அம்மாவைக் கிட்டே வரும்படி விரலை அசைத்தாள். நூலக்கா குனிந்தாள்.

குரல் காற்றாகத்தான் வந்தது. முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வேறு.

"அம்மா... நான் யார்கிட்டயும் சொல்லல."